தேர்வாகாதவருக்கு அனுப்பும் மின்னஞ்சல்: மூன்று வரைவுகள்

மண்ணடி லிங்கிச்செட்டித் தெருவில் ஒரு கஸ்டம்ஸ் புரோக்கர் அலுவலகம் என்று வைத்துக்கொள்வோம். ஏற்றுமதி ஆவணங்களைப் பார்க்க ஓர் ஆள் வேண்டும். தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு பி.காம். பட்டதாரி இரண்டு சுற்று நேர்காணலுக்கு வந்தார். வேலை வேறொருவருக்குப் போய்விட்டது. இவருக்கு என்ன எழுதுவது?

பெரும்பாலோர் எழுதுவது இப்படி: "உங்கள் திறமை எங்களை மிகவும் கவர்ந்தது. தற்போதைக்குத் தேர்வு செய்ய இயலவில்லை. பயோடேட்டாவை வைத்திருக்கிறோம், வாய்ப்பு வரும்போது அழைப்போம்."

படிக்க இதமாக இருக்கும். ஆனால் வேலை தேடுகிற பையன் இதைக் காத்திருப்புப் பட்டியல் என்றுதான் எடுத்துக்கொள்வான். அடுத்த வாரம் போன் செய்வான், வேறு இடத்தில் கிடைக்கும் வேலைக்குப் பதில் சொல்லாமல் தள்ளிப்போடுவான். மூன்றில் அதிகத் தீங்கு இதில்தான் என்பேன்.

இரண்டாவது, "நீங்கள் தேர்வாகவில்லை." தெளிவு இருக்கிறது. பயோடேட்டா மட்டும் அனுப்பியவருக்கு ஒரு நன்றியோடு இதுவே போதும். இரண்டு முறை நேரில் வந்து உட்கார்ந்து பேசியவருக்குப் போதாது.

நான் அனுப்பச் சொல்வது இதை:

"வணக்கம். ஏற்றுமதி ஆவண வேலைக்கு உங்களைத் தேர்ந்தெடுக்கவில்லை. சுங்கத்துறையின் ஐஸ்கேட் தளத்தில் ஷிப்பிங் பில் தாக்கல் செய்து இரண்டு ஆண்டு அனுபவம் உள்ளவரை எடுத்திருக்கிறோம். அவரும் ஒப்புக்கொண்டுவிட்டார், இந்த இடம் நிரம்பிவிட்டது. இன்வாய்ஸுக்கும் பேக்கிங் லிஸ்டுக்கும் இடையே எடை ஒத்துப்போகாததை நீங்களாகவே கவனித்துச் சொன்னது எங்களுக்குப் பிடித்திருந்தது. இரண்டு முறை வந்ததற்கு நன்றி."

முடிவு முதலிலேயே வந்துவிடுகிறது. காரணம் எடுக்கப்பட்டவரின் தகுதியைச் சொல்கிறது, இவருடைய குறையை அல்ல. "உங்களுக்கு அனுபவம் போதாது" என்று எழுதினால் "ஒரே மாதத்தில் கற்றுக்கொள்கிறேன் சார்" என்று பதில் வரும், பேச்சு நீளும். பாராட்டும் அவர் உண்மையில் செய்த ஒரு காரியத்தைப் பற்றியது. அதை முதல் வரியில் வைத்தால் வேலை கிடைத்துவிட்டது என்று ஒரு நொடி நினைத்துவிடுவார், அதனால் பின்னால்தான் வர வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. அனுபவம் வேண்டும் என்று விளம்பரத்தில் போடாமலிருந்தால் இந்தக் காரணத்தை எழுதவே கூடாது. "அப்புறம் என்னை எதற்குக் கூப்பிட்டீர்கள்?" என்று அவர் கேட்பது நியாயம்தான். அப்போது காரணமில்லாமல் இடம் நிரம்பியதை மட்டும் சொல்லலாம்.

எடுக்கப்பட்டவர் உறுதியாக ஒப்புக்கொள்ளும் முன் இதை அனுப்பவும் வேண்டாம். அவர் மறுத்தால் இவரைத்தான் எடுப்பீர்கள் என்றால், அதை நேராகச் சொல்லி, எந்தத் தேதிக்குள் முடிவு தெரியும் என்றும் எழுதிவிடுங்கள். தெரிந்த அண்ணன் ஒருவர் சொல்லி வந்த பையனாக இருந்தால் மின்னஞ்சல் முதலில் பையனுக்குப் போகட்டும், அண்ணனிடம் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.