மலை இறங்கியதும் காருக்குள் கருகல் வாடை: கிளட்சா, பிரேக்கா, ஒயரிங்கா, கூலன்ட்டா?

வால்பாறையிலிருந்து ஆழியாறுக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். பாதி வழியில் காருக்குள் கருகல் வாடை வந்தால், முதலில் ஏசியில் வெளிக்காற்றை அடைக்கும் பட்டனை அழுத்துங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் வாடை குறைந்தால், அது வெளியிலிருந்து வருகிறது. பெரும்பாலும் கிளட்ச் அல்லது பிரேக். சில சமயம் முன்னால் போகும் லாரியின் பிரேக்காகவும் இருக்கும். அடைத்த பிறகு இன்னும் ஏறினால், டேஷ்போர்டுக்குள் ஒயரையோ, சூடான கூலன்ட் ஓடும் ஹீட்டர் கோரையோ சந்தேகிக்க வேண்டும்.

கிளட்சையும் பிரேக்கையும் மூக்கை வைத்துப் பிரிப்பது கடினம். இரண்டிலும் தேய்வது பிசின் கலந்த உராய்வுப் பொருள்தான். வந்த பாதைதான் துப்பு. ஏற்றத்தில், நெரிசலில், பாதி கிளட்சில் வண்டியைப் பிடித்து நிறுத்தியிருந்தால் கிளட்ச். இறக்கத்தில் பிரேக்கை விடாமல் மிதித்து வந்திருந்தால் பிரேக்.

பாதுகாப்பாக நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் முகர்ந்து பாருங்கள். தொடாமல் கையை நீட்டினாலே அனல் தெரியும். முன்சக்கரம் இரண்டும் ஒரே அளவு சுட்டால் அது அதிக உழைப்பு. 20 நிமிடம் ஆற விட்டு, இரண்டாம் கியரில் இறங்கினால் போதும். தண்ணீர் ஊற்றாதீர்கள், டிஸ்க் கோணிவிடும். ஒரே ஒரு சக்கரம் மட்டும் கொதித்தால், பிரேக் பேடை அழுத்தும் காலிப்பர் பெரும்பாலும் சிக்கியிருக்கிறது. இதற்கு மெக்கானிக்தான் வழி. பிரேக் மிதி பஞ்சுபோல் இறங்கினால் இன்னும் மோசம். பிரேக் ஆயில் கொதித்திருக்கிறது. புதிய டாட் 3 ஆயிலே குறைந்தது 205 டிகிரி தாங்கும், ஈரம் ஏறிய பழைய ஆயில் 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். அந்த நிலையில் வண்டியை நகர்த்தக் கூடாது.

சக்கரங்கள் சாதாரணமாக இருந்து, வாடை பானெட் பக்கமும் வண்டியின் அடியிலும் அடித்தால் கிளட்ச். ஆறிய பிறகு, காலியான சமதளச் சாலையில் நான்காம் கியரில் 40 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஆக்சிலரேட்டரை நன்றாக மிதியுங்கள். வேகம் ஏறாமல் ஆர்பிஎம் மட்டும் எகிறினால் கிளட்ச் பிளேட் நழுவுகிறது. நழுவாவிட்டால் அது ஒரு நாள் சூடு, ஓட்டும் முறையை மாற்றினால் போதும்.

ஒயரிங் வாடை வேறு மாதிரி: உருகும் பிளாஸ்டிக், சில நேரம் மீன் வாடைபோல் காரமாக இருக்கும். ஏசி காற்று மின்விசிறியின் அதிகபட்ச வேகத்தில் மட்டும் வந்தால், அதன் வேகத்தைக் குறைக்கும் ரெசிஸ்டரைப் பாருங்கள். 15 ஆம்பியர் ஃபியூஸ் இருந்த இடத்தில் 30 போட்டிருந்தால், ஃபியூசுக்குப் பதில் ஒயர் உருகும். புகை தெரிந்தால் இக்னிஷனை அணைத்து எல்லோரும் இறங்க வேண்டும். நான்கில் இது மட்டும் காத்திருக்க விடாது.

கூலன்ட்டில் இனிப்பு வாடை, பாகு காய்ச்சுவதுபோல். கண்ணாடியின் உட்புறம் பிசுபிசுப்பான மங்கல் படிந்து, டேஷ்போர்டின் கீழே மேட் ஈரமாக இருந்தால் ஹீட்டர் கோர் கசிகிறது. வெறும் தண்ணீர் நிரப்பிய வண்டியில் இனிப்பு வாடை வராது, எனவே வெப்ப முள்ளையும் கவனியுங்கள். சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறக்க வேண்டாம். மறுநாள் காலை, என்ஜின் ஆறியிருக்கும்போது, கூலன்ட் டப்பாவில் அளவு கீழ்க்கோட்டுக்குக் கீழே இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.