ஆபர் லெட்டர் கைக்கு வந்துடுச்சுன்னு பேப்பர் போட்டுடாதீங்க: எனக்குப் போனது ₹1,44,000

கை நடுங்குது, ஆனாலும் இன்னைக்கே எழுதிடணும். மூணு வாரமா வீட்டுல உட்கார்ந்திருக்கேன். நான் பண்ணின ஒரே தப்பு, கையெழுத்துப் போட்ட ஒரு லெட்டரையும் போன்ல கேட்ட ஒரு குரலையும் நம்பினது.

நான் சென்னையில டெஸ்டிங் வேலை பார்க்கிறவ. ஆறு வருஷ அனுபவம், மாசம் 72,000 சம்பளம், 90 நாள் நோட்டீஸ். ஓஎம்ஆர்ல இருக்கிற ஒரு நடுத்தர சாஃப்ட்வேர் கம்பெனி ஒரு கன்சல்டன்சி வழியா என்னைக் கூப்பிட்டாங்க. பேர் போடலை. மூணு ரவுண்ட் இன்டர்வியூ முடிஞ்சு 92,000 பேசினாங்க. ஆனா 60 நாள்ல சேர்ந்தாகணும்னாங்க. மீதி 30 நாளுக்கு நான் பழைய கம்பெனிக்குப் பணம் கட்டணும், ஒரு மாசச் சம்பளம், 72,000.

அந்த ஹெச்ஆர் பொண்ணு போன்ல சொன்னது வார்த்தை மாறாம ஞாபகம் இருக்கு. "மேடம், பைஅவுட் காசை முதல் சம்பளத்தோட நாங்க குடுத்துடுவோம். கவலையே படாதீங்க." லெட்டர்ல அதைப் போட்டுக் குடுங்கன்னு கேட்டேன். "அது பாலிசிலயே இருக்கு மேடம், லெட்டர்ல தனியா போட மாட்டோம். இதுக்கு முன்னாடி சேர்ந்த எல்லாருக்கும் குடுத்திருக்கோம்." என் தங்கச்சி வயசு இருக்கும் அந்தப் பொண்ணுக்கு. அவ்வளவு அக்கறையாப் பேசினா. நம்பிட்டேன். அன்னைக்கு ராத்திரியே ஆபரை ஏத்துக்கிறேன்னு மெயில் அனுப்பிட்டு, மறுநாள் காலையில பேப்பர் போட்டேன். ரிசிக்னேஷனை ஏத்துக்கிட்ட மெயிலோட ஸ்கிரீன்ஷாட் கூட கேட்டு வாங்கினாங்க. பழைய மேனேஜர், "இரும்மா, சம்பளம் கூட்டித் தரச் சொல்லிப் பார்க்கிறேன்"னு சொன்னார். வேண்டாம் சார்னுட்டேன்.

60 நாள் வேலை பார்த்தேன். கடைசி செட்டில்மென்ட்ல 72,000 பிடிச்சாங்க. ரிலீவிங் லெட்டர் வந்துடுச்சு. திங்கட்கிழமை சேரணும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறே முக்காலுக்கு நாலே வரியில ஒரு மெயில். எதிர்பாராத பிசினஸ் காரணங்களால உங்க ஆபர் திரும்பப் பெறப்படுதாம். என்ன காரணம்னு ஒரு வார்த்தை கிடையாது.

அந்தப் பொண்ணுக்கு ஒன்பது தடவை போன் பண்ணினேன், எடுக்கலை. வாட்ஸ்அப்ல ப்ளூ டிக் விழுந்தது, பதில் இல்லை. கன்சல்டன்சிக்குக் கூப்பிட்டா, "ஆபர் ரிலீஸ் ஆகுற வரைக்கும்தான் மேடம் எங்க வேலை." திங்கட்கிழமை நேராவே போனேன். ரிசப்ஷன்ல ரெண்டு மணி நேரம் உட்கார வச்சாங்க. அப்புறம் நான் பார்த்தே இராத ஒருத்தர் வந்து, "நீங்க இன்னும் சேரவே இல்லையே மேடம், உங்களுக்கு என்ன நஷ்டம்?"னு கேட்டார். பைஅவுட் 72,000, இந்த மாசம் வராம போன சம்பளம் 72,000, மொத்தம் 1,44,000னு சொன்னேன். "அது உங்களுக்கும் உங்க பழைய கம்பெனிக்கும் உள்ள விஷயம். அடுத்த ஓப்பனிங் வந்தா முதல்ல உங்களைத்தான் கூப்பிடுவோம்." சிரிச்சுக்கிட்டே சொன்னார். எனக்கு அங்கேயே கண்ணு முட்டிடுச்சு. பழைய கம்பெனியைக் கேட்டேன், என் இடத்துக்கு ஏற்கனவே ஆள் எடுத்துட்டாங்க.

சட்டம் படிச்ச தோழியோட அண்ணன்கிட்ட எல்லாப் பேப்பரையும் எடுத்துட்டுப் போனேன். ஏத்துக்கிட்ட பிறகு ஆபரை அவங்க பின்வாங்க முடியுமா அண்ணான்னு கேட்டேன். 1872ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தை எடுத்துக் காட்டினார். நம்ம சம்மதத்தை நாம அனுப்புறதுக்கு முன்னாடி வரைக்கும்தான் அவங்க ஆபரைத் திரும்ப எடுக்கலாம், 5ஆம் பிரிவு. அனுப்பிட்டா அது ஒப்பந்தம். அப்புறம் அவங்க பண்றதுக்குப் பேர் வாபஸ் இல்லை, ஒப்பந்தத்தை மீறுறது. ரிசப்ஷன்ல அந்த ஆள்கிட்ட இதைச் சொல்லத் தெரியாம நின்னேனேன்னு ஆத்திரமா வந்தது.

ஆனா அவர் அதோட நிறுத்தலை. "வேலை கேட்டுக் கோர்ட்டுக்குப் போகாதேம்மா. இவளைச் சேர்த்துக்கோன்னு ஒரு தனியார் கம்பெனியைக் கோர்ட் கட்டாயப்படுத்தாது. நஷ்ட ஈடுதான் கேட்கலாம்." லேபர் ஆபீசுக்குப் போகலாமான்னு கேட்டேன். ஒரு நாள் கூட வேலை பார்க்காத என்னைத் தொழிலாளின்னே எடுத்துக்க மாட்டாங்க, சிவில் கேஸ்தான் வழின்னார். அதுக்கு மீறின நாள்ல இருந்து மூணு வருஷம் டைம் இருக்கு.

எவ்வளவு கிடைக்கும்? இங்கதான் என் லெட்டரை வரி வரியாப் படிச்சார். காரணமே சொல்லாம சேரும் தேதிக்கு முன்னாடி எப்ப வேணா வாபஸ் வாங்கலாம்னு சில லெட்டர்ல ஒரு வரி இருக்குமாம். அது இருந்தா நம்ம பக்கம் ரொம்பப் பலவீனமாகிடும். என் லெட்டர்ல அது இல்லை. ஆனா புரொபேஷன்ல ரெண்டு பக்கமும் 30 நாள் நோட்டீஸ் குடுத்து விலகலாம்னு இருக்கு. "சேர்ந்திருந்தாலும் ஒரு மாச நோட்டீஸ்ல உன்னை அனுப்பியிருப்போம், அதனால நஷ்டம் ஒரு மாசச் சம்பளம்தான்னு வாதாடுவாங்க. அந்த 92,000தான் ஓரளவு உறுதியாக் கேட்கலாம்"னார்.

பைஅவுட் 72,000? அது 73ஆம் பிரிவுல வருது. மீறினா இந்த நஷ்டம் வரும்னு ஒப்பந்தம் போடும்போதே ரெண்டு பேருக்கும் தெரிஞ்சிருக்கணும். போன்ல சொன்னதை அவங்க சொல்லவே இல்லைம்பாங்க. அவங்க வாங்கின ஸ்கிரீன்ஷாட் ஆபரை ஏத்துக்கிட்ட பிறகு போனது, அதனால அதுவும் இதுக்கு உதவாது. தேடித் தேடி என் மெயில்ல ஒண்ணு கிடைச்சது. ஆபர் வர்றதுக்கு நாலு நாள் முன்னாடி எத்தனை நாள்ல சேருவீங்கன்னு கேட்டிருந்தாங்க, "60 நாள் வேலை பார்த்துட்டு மீதி 30 நாளுக்கு 72,000 கட்டிட்டு வர்றேன்"னு பதில் போட்டிருந்தேன். எதுக்குன்னு நினைக்காம போட்ட அந்த ஒரு வரிதான் இப்ப என் கையில இருக்கிற பலம்.

இன்னொண்ணும் சொன்னார். வேற வேலை தேடாம சும்மா உட்கார்ந்திருந்தா அதையும் கோர்ட் கணக்குல எடுக்கும், நஷ்ட ஈடு குறையும். அதனால நான் அனுப்புற ஒவ்வொரு அப்ளிகேஷனையும் தேதியோட எடுத்து வைக்கிறேன்.

என்ன செய்யணும்னு விவரமா எழுதலாம்னுதான் ஆரம்பிச்சேன், முடியலை. சட்டுனு சொல்றேன். ஆபரை ஏத்துக்கிற மெயில்லயே, "இதை நம்பித்தான் ரிசைன் பண்றேன், இவ்வளவு பைஅவுட் கட்டுறேன், அதை நீங்க திருப்பித் தர்றதா இன்னார் சொன்னாங்க"ன்னு எழுதுங்க. வாபஸ் வரி இருக்கான்னு லெட்டரைக் கடைசிப் பக்கம் வரைக்கும் பாருங்க. பின்னணிச் சோதனை முடிஞ்சுதான் ஆபர் உறுதின்னு போட்டிருந்தா, அது முடிஞ்சதுன்னு மெயில் வர்ற வரைக்கும் பேப்பர் போடாதீங்க. நோட்டீஸ் நாள் ஓடிக்கிட்டு இருக்கும்போதே ஆபர் போச்சுன்னா, அந்த நிமிஷமே ரிசிக்னேஷனை வாபஸ் வாங்குறேன்னு பழைய கம்பெனிக்கு எழுதுங்க. எனக்கு அந்த வாய்ப்பையும் கிடைக்க விடாம கடைசி வெள்ளிக்கிழமை வரைக்கும் காக்க வச்சாங்க.

பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுல இலவசமா வக்கீல் தருவாங்க, இதுவும் அந்த அண்ணன் சொல்லித்தான் தெரியும். நாளைக்குக் காலையில அங்க போறேன். அந்தக் கம்பெனிக்கு அனுப்புற வக்கீல் நோட்டீஸ்ல 92,000மும் 72,000மும் தனித்தனியாக் கேட்கப் போறேன்.