இசட், பெர்சென்டைல், டி ஸ்கோர்: நினைவாற்றல் ரிப்போர்ட்டில் எது எதற்கு உதவும்?

அறுபத்தைந்து வயதுக்காரர் ஒருவர் சொற்பட்டியல் நினைவுப் பரிசோதனையில் 60க்கு 36 எடுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இந்த 36 தனியாக எதையும் சொல்லாது. அதே வயது, அதே படிப்பு உள்ளவர்களின் சராசரி 48, திட்ட விலக்கம் 8 என்று கையேட்டு அட்டவணை சொன்னால்தான் அதற்குப் பொருள் வரும்.

```
z = (36 - 48) / 8 = -1.5
T = 50 + 10 × (-1.5) = 35
```

பெர்சென்டைல் 7. மூன்றும் சொல்வது ஒரே இடத்தைத்தான். ஆனால் மூன்றையும் ஒரே வேலைக்குப் பயன்படுத்த முடியாது.

குடும்பத்தாரிடம் விளக்க பெர்சென்டைல்தான் நல்லது. "இவர் வயதையொத்த நூறு பேரில் ஏறக்குறைய ஏழு பேர்தான் இவர் அளவிலோ இதற்குக் கீழோ இருப்பார்கள்" என்றால் யாருக்கும் புரியும். ஆனால் இது நூற்றுக்கு ஏழு மார்க் அல்ல. அவர் எடுத்தது 60 சதவீதம். ரிப்போர்ட்டில் வெறுமனே 7 என்று போட்டு அனுப்பினால் வீட்டில் பீதிதான் மிஞ்சும்.

பெர்சென்டைலை வைத்து முன்னேற்றத்தையோ சரிவையோ அளக்கக் கூடாது. மூலமதிப்பெண் 48லிருந்து 44க்கு இறங்கினால் பெர்சென்டைல் 50லிருந்து 31க்கு விழும். 32லிருந்து 28க்கு இறங்கினால் 2லிருந்து 1க்கும் கீழே போகும், அவ்வளவுதான். இரண்டிலும் குறைந்தது நான்கே சொற்கள். நடுவில் கூட்டம் நெருக்கமாக இருப்பதால் சிறு நகர்வும் அங்கே பெரிதாகத் தெரிகிறது; ஓரத்தில் நிஜமான சரிவுகூட மறைந்துவிடுகிறது. இதே காரணத்தால் பல பரிசோதனைகளின் பெர்சென்டைல்களைக் கூட்டிச் சராசரி எடுப்பதும் தவறு.

கணக்குப் போட இசட்டும் டியும் ஏற்றவை. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு வசதி மட்டுமே: டியில் மைனஸும் தசமமும் பெரும்பாலும் வராது. என் தேர்வு அட்டவணைக்கு டி, விளக்கத்துக்கு பெர்சென்டைல். ஒரு எச்சரிக்கை: எலும்பு அடர்த்தி ரிப்போர்ட்டில் வரும் டி ஸ்கோர் வேறு. அங்கே ஒப்பீடு இளவயதினரோடு, அளவும் நேரடியாகத் திட்ட விலக்கத்தில். அந்தப் பழக்கத்தில் இங்கே 35ஐப் படிக்க வேண்டாம்.

நேரம் பார்க்கும் பரிசோதனைகளில் மூன்றுமே தடுமாறும். எண்களையும் எழுத்துகளையும் மாற்றி மாற்றி இணைக்கும் தாளுக்குச் சராசரி 80 விநாடி, விலக்கம் 40 என்று இருக்கட்டும். 160 விநாடி எடுத்தவருக்கு சூத்திரம் +2 தரும். இங்கே கூடுதல் நேரம் என்றால் மோசம், ஆகவே குறியைத் திருப்பி -2 என்று எழுத வேண்டும். இதை மறந்தால் பலவீனம் பலமாகிவிடும். அடுத்த சிக்கல் இன்னும் ஆழமானது. சராசரிக்கு இரண்டு விலக்கம் வேகமாக முடிக்க வேண்டுமானால் 0 விநாடியில் முடிக்க வேண்டும்! அப்படியானால் பரவல் மணி வடிவில் இல்லை, மெதுவானவர்கள் பக்கம் நீண்ட வால் இருக்கிறது. அப்போது -2ஐ மணி வளைவு வழியாக 2ஆம் பெர்சென்டைலாக மாற்றுவது பிழை. கையேட்டில் ஆட்களை எண்ணித் தந்த பெர்சென்டைல் அட்டவணை இருந்தால் அதையே எடுக்க வேண்டும்.

இனி நம்பக இடைவெளி, அதாவது அளவீட்டுப் பிழையைக் கணக்கில் எடுத்து மதிப்பெண்ணைச் சுற்றிப் போடும் 95 சதவீத எல்லை. கீழே SEM என்பது அளவீட்டின் திட்டப் பிழை. நினைவுப் பரிசோதனையின் நம்பகத்தன்மை 0.90 என்றால்:

```
SEM = 10 × √(1 - 0.90) = 3.16
35 ± 1.96 × 3.16  →  29 - 41
```

பெர்சென்டைலில் இது ஏறக்குறைய 2 முதல் 18 வரை. ஒற்றை 7ஐவிட இதுவே நேர்மையான பதில். சில ரிப்போர்ட்களில் 31 - 42 என்று வந்து, 35 நடுவில் இல்லாமல் இருக்கும். அது அச்சுப்பிழை அல்ல. மிகத் தாழ்ந்த மதிப்பெண்ணில் துரதிர்ஷ்டத்துக்கும் ஒரு பங்கு இருக்கும் என்பதால், முதலில் அதைச் சராசரி பக்கம் கொஞ்சம் நகர்த்தி (50 - 0.90 × 15 = 36.5), அதைச் சுற்றிச் சற்றே குறுகிய இடைவெளி போடுகிறார்கள். எந்த முறை என்று ரிப்போர்ட்டில் எழுதியிருக்க வேண்டும்.

அதிகம் பேர் சறுக்கும் இடம் இரண்டு இடைவெளிகளை ஒப்பிடுவது. அதே நபருக்கு, அதே நம்பகத்தன்மையுள்ள பெயர் சொல்லும் பரிசோதனையில் டி 46, இடைவெளி 40 - 52. நினைவின் 29 - 41 இதோடு 40, 41இல் உரசுகிறது. "உரசினால் வித்தியாசம் இல்லை" என்று முடிவு கட்டுவது தவறு. வித்தியாசத்துக்கென்று தனிப் பிழை இருக்கிறது:

```
√(3.16² + 3.16²) = 4.47
1.96 × 4.47 = 8.8
```

நிஜ வித்தியாசம் 11, 8.8ஐத் தாண்டிவிட்டது. ஆகவே நினைவு பெயர் சொல்லலைவிடத் தாழ்ந்திருப்பதை அளவீட்டுப் பிழை என்று ஒதுக்க முடியாது. அதற்காக நோய் என்றும் ஆகிவிடாது: ஆரோக்கியமானவர்களிடமும் 11 புள்ளி வித்தியாசம் எத்தனை பேருக்கு வருகிறது என்பதைக் கையேட்டின் வேறோர் அட்டவணையில்தான் பார்க்க வேண்டும்.