வேல்யூவேஷன் 36 லட்சம், கிடைத்தது 28.80: மூன்று வருஷம் கட்டிய பிறகு என் வீட்டுக் கடன் பற்றி

அண்ணன் மகன் போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு சாங்ஷன் லெட்டரைப் படம் பிடித்து அனுப்பினான். மார்த்தாண்டம் பக்கத்தில் ஒரு வீடு பார்த்திருக்கிறான். வேல்யூவேஷன் 34.50 லட்சம், கடன் 27.60 லட்சம். “சித்தப்பா, இது சரியா?” என்று மட்டும் கேட்டிருந்தான். படத்தைப் பார்த்ததும் எனக்கு 2023 ஞாபகம் வந்து வயிறு எரிந்தது. அவனுக்கு வாய்ஸ் மெசேஜில் சொல்லிப் பார்த்தேன், பாதியிலேயே எனக்கே குழம்பிவிட்டது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

என் கதை தக்கலைப் பக்கம். 16 வருஷப் பழைய வீடு, விலை பேசி முடித்தது 38 லட்சம். வட்டி, ப்ராசசிங் கட்டணம் எல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான், அதைப் பேசப் போவதில்லை. நான் மூன்று வருஷமாகக் கடுப்பில் இருப்பது ஒரே ஒரு கணக்கில்: வேல்யூவர் போட்ட மதிப்புக்கும் பேங்க் கொடுத்த தொகைக்கும் நடுவில் இருக்கும் அந்தச் சதவீதம், அதாவது எல்.டி.வி.

முதலில் வேல்யூவர் என்ன செய்தார் என்று சொல்கிறேன். ஆதாரத்தில் (நம்ம ஊரில் பத்திரத்தை அப்படித்தானே சொல்வோம்) 6 சென்ட் 500 லிங்க்ஸ். பட்டாவில் 6 சென்ட்தான். எது குறைவோ அதைத்தான் எடுப்பேன் என்று 6 சென்ட் போட்டார். சென்ட்டுக்கு 3.50 லட்சம், ஆக நிலம் 21 லட்சம். வீடு 1,200 சதுர அடி, புதிதாகக் கட்டினால் அடிக்கு 1,600 என்று 19.20 லட்சம். அதில் பழசுக்கான கழிவு உண்டு. வீட்டின் ஆயுள் 60 வருஷம், கடைசியில் மிஞ்சும் மதிப்பு 10 சதவீதம் என்று வைத்தார், 16 வருஷத்துக்கு 24 சதவீதம் கழிந்தது. மிச்சம் 14,59,200. கிணறு, மதில், கேட்டுக்கு 40,000. மொத்தம் 35,99,200, அதை 36 லட்சம் என்று எழுதிவிட்டார்.

அந்த 500 லிங்க்ஸ் போனதில் எனக்கு 1.75 லட்சம் மதிப்பு போயிற்று. அதற்காக அவரைத் திட்ட மாட்டேன், பட்டாவும் ஆதாரமும் ஒத்துப்போகவில்லை என்றால் அது விற்கிறவர் பிரச்சனை, நான் முன்னாடியே பார்த்திருக்க வேண்டும். வேல்யூவர் நேர்மையாகத்தான் வேலை செய்தார். வெயிலில் வந்து டேப் போட்டு அளந்தார், ஒரு டீகூடக் குடிக்கவில்லை.

38 லட்சம் விலையா, 36 லட்சம் மதிப்பா என்றால் பேங்க் எடுப்பது இரண்டில் குறைந்தது. அது தெரிந்ததுதான். அதுபோக விற்கிறவர் ஆதாரத்தில் 28 லட்சம் என்று காட்டலாமே என்று ஒரு யோசனை வேறு சொன்னார். ஒத்துக்கொண்டிருந்தால் கடன் 28-இன் மேல்தான் கணக்கு, 90 சதவீதமே கொடுத்தாலும் 25.20. நல்லவேளை, வேண்டாம் என்றேன்.

சரி, சாங்ஷன் லெட்டர் வந்தது. 28.80 லட்சம். நான் கேட்டது 32. சம்பளம் கைக்கு 58,000, அதில் பாதி 29,000 தவணைக்கு என்று வைத்தாலும் 8.5 சதவீதம், 20 வருஷத்துக்கு லட்சத்துக்குத் தவணை 868 ரூபாய், அப்படிப் பார்த்தால் 33 லட்சத்துக்கு மேல் தாங்கும். வருமானம் இடிக்கவில்லை. அப்புறம் எங்கே இடித்தது?

இங்கே நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். வேல்யூவேஷன் ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் மூன்று தொகை இருந்தது. சந்தை மதிப்பு 36, அடுத்து 32.40, கடைசியாக அவசர விற்பனை மதிப்பு 28.80. பேங்க் ஏலத்துக்கு விட்டால் கிடைக்கும் விலையை வைத்துத்தான் எனக்குக் கடன் கொடுத்திருக்கிறார்கள் என்று முடிவு செய்து, பிராஞ்சுக்குப் போய்ச் சத்தம் போட்டேன். லோன் பார்க்கிற அலுவலர் பொறுமையாக, “சார், அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை, உங்க எல்.டி.வி. 80 சதவீதம், 36-இல் 80 சதவீதம் 28.80” என்றார். இரண்டும் ஒரே தொகையாக வந்தது தற்செயல். நான் வழிந்துகொண்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து ராத்திரி யோசித்தபோதுதான் தோன்றியது: எதற்கு 80?

ரிசர்வ் பேங்க் வைத்திருக்கும் உச்சவரம்பு கடன் தொகையைப் பொறுத்தது, வீட்டின் விலையைப் பொறுத்தது இல்லை. கடன் 30 லட்சம் வரை என்றால் மதிப்பில் 90 சதவீதம் வரை கொடுக்கலாம். 30-க்கு மேல் 75 வரை 80 சதவீதம். 75-க்கு மேல் 75 சதவீதம். நான் 32 என்று விண்ணப்பத்தில் எழுதியதால் என்னை 80 சதவீத வரிசையில் நிறுத்திவிட்டார்கள், அதில் கணக்குப் போட்டால் 28.80 வருகிறது. ஆனால் 28.80 என்பதே 30-க்குள் இருக்கும் கடன் அல்லவா! 30-க்குள் இருக்கும் கடனுக்கு 80 எப்படி வரம்பாகும்? 36-இல் 90 சதவீதம் 32.40, அது 30-ஐத் தாண்டுகிறது, அதனால் முழுசாகக் கிடைக்காது, சரி. ஆனால் 30 லட்சம் கிடைக்கலாம், ஏனென்றால் 30-ஐ 36-ஆல் வகுத்தால் 83.3 சதவீதம்தான், 90-க்கு நல்ல கீழே.

அதாவது மதிப்பு 33.33 லட்சத்திலிருந்து 37.50 லட்சம் வரை எங்கே இருந்தாலும் இந்த விதிப்படி அதிகபட்சக் கடன் அசையாமல் 30-லேயே நிற்கும். 37.50-ஐத் தாண்டிய பிறகுதான் 80 சதவீதக் கணக்கு 30-க்கு மேல் போகும். நம்ம மாவட்டத்தில் நாகர்கோவிலுக்கு வெளியே நடுத்தர வீடுகள் நிறைய இந்த இடைவெளியில்தான் விழுகின்றன என்பது என் அனுமானம், நான் பார்த்த நாலைந்து வீடும் அப்படித்தான்.

கண்டுபிடிக்க ஒரு வகுத்தல் போதும். சாங்ஷன் தொகையை மதிப்பால் வகுங்கள். சுத்தமாக 80 வந்து, கடன் 30-க்குக் கீழே இருந்தால், யாரோ தப்பான வரிசையில் வைத்திருக்கிறார்கள், அல்லது அந்த பேங்க்கின் சொந்தத் திட்டத்தில் வரம்பே 80. ரிசர்வ் பேங்க் சொல்வது உச்சவரம்பு மட்டும்தான், அதற்குக் கீழே நிறுத்திக்கொள்ள பேங்க்குக்கு உரிமை உண்டு. அதனால் சண்டை போடாமல், எழுத்தில் ஒரே கேள்வி கேளுங்கள்: இந்தக் கடன் திட்டத்தில் 30 லட்சம் வரை உங்கள் எல்.டி.வி. வரம்பு என்ன?

நான் விண்ணப்பத் தொகையை 30 என்று மாற்றிக் கொடுத்தேன். பதினோரு நாளில் புது சாங்ஷன், 30 லட்சம். கடனோடு காப்பீட்டையும் சேர்த்துப் போடலாமா என்று கேட்டார்கள். அந்தப் பிரீமியத்தையும் கடனில் ஏற்றினால் 30-ஐத் தாண்டி மறுபடி 80-க்கு விழுந்துவிடுவேனோ என்ற பயத்தில் வேண்டாம் என்றேன். முத்திரைத்தாள் 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் 38 லட்சத்துக்கு 3.42 லட்சம், அது எல்.டி.வி. கணக்கிலேயே வராது, முழுக்க நம் கைக்காசு. ஆக வீட்டுக்கு 8 லட்சம், பதிவுக்கு 3.42. மைனியிடம் வாங்கிய கைமாற்று, ஒரு சீட்டு, மனைவியின் வளையல் என்று எப்படியோ திரட்டினோம்.

இவ்வளவு தூரம் பாராட்டுத்தான். பிராஞ்ச் மரியாதையாக நடந்துகொண்டது, திருத்தமும் செய்து கொடுத்தது, தவணை ஒழுங்காகப் போகிறது, ஸ்டேட்மெண்ட் கேட்டால் வருகிறது.

கடுப்பு இங்கேதான். இரண்டாவது சாங்ஷனில் வட்டி 8.60. முதலில் 8.50. எல்.டி.வி. 80-ஐத் தாண்டினால் கூடுதலாக 0.10 என்று அந்த பேங்க்கின் திட்டத்தில் இருந்திருக்கிறது, நான் தொகையைப் பார்த்த சந்தோஷத்தில் வட்டி வரியைப் பார்க்கவே இல்லை. தவணையில் மாதம் 190 ரூபாய்தான் வித்தியாசம், சிரிக்கலாம். ஆனால் கணக்கைத் திருப்பிப் பாருங்கள். 28.80-க்கு 8.50 என்றால் முதல் வருஷ வட்டி தோராயமாக 2,44,800. 30-க்கு 8.60 என்றால் 2,58,000. வித்தியாசம் 13,200. நான் கூடுதலாக வாங்கியது 1.20 லட்சம் மட்டும். அந்த 1.20 லட்சத்துக்கு நான் கொடுப்பது 11 சதவீதம்! அந்த 0.10 கூடுதல் தொகைக்கு மட்டும் இல்லை, மொத்தம் 30 லட்சத்துக்கும் ஏறுகிறது, அதனால்தான்.

இப்போது பாக்கி 28 லட்சத்துக்குச் சற்று மேல். அதை 36-ஆல் வகுத்தால் 78 சதவீதம். 80-க்குக் கீழே இறங்கியாயிற்று, அந்த 0.10-ஐ எடுங்கள் என்று போய்க் கேட்டேன். சாங்ஷன் அன்று எழுதியதுதான், நடுவில் மாறாது என்றார்கள். வேறு பேங்க்குக்கு மாற்றலாம். மிதக்கும் வட்டியில் இருக்கும் தனிநபர் வீட்டுக் கடனை முன்கூட்டி அடைக்க அபராதம் இல்லைதான். ஆனால் புது வேல்யூவேஷன், புது வக்கீல், அடமானச் செலவு என்று அலைந்தால் அந்த மாதம் 190-ஐ மீட்க எத்தனை வருஷம் ஆகுமோ. அதைத் தெரிந்துதான் மாறாது என்கிறார்கள் போல.

அண்ணன் மகன் கணக்குக்கு வருவோம். 34.50-க்கு 27.60, சுத்தமாக 80. அவனும் 32 என்று எழுதியிருக்கிறான், கேட்டேன். 30 கேட்கலாம், 87 சதவீதம் ஆகும், 90-க்குள் இருக்கிறது. அவனுக்குக் கூடுதலாகக் கிடைப்பது 2.40 லட்சம். என் பேங்க் மாதிரி 0.10 ஏற்றினால் அந்தக் கூடுதலுக்கு மட்டும் 9.75 சதவீதம் விழும், என் 11-ஐ விடப் பரவாயில்லை. கைமாற்றுக்கு ஆள் இல்லை என்றால் தனிநபர்க் கடனை விட இது மேல்தான்.

எல்லாம் சொல்லிவிட்டு, கடைசியில் அவனிடம் சொன்னது: மக்கா, 27.60-ஐயே எடுத்துக்கோ, மிச்சத்துக்கு நான் ஒரு லட்சம் தாறேன். நியாயமாகப் பார்த்தால் 30 கேட்பதுதான் சரியாக இருக்கும், எனக்கே தெரியும். ஆனால் அந்த 190 ரூபாய் ஒவ்வொரு மாதமும் போவதைப் பார்த்து எனக்கு வரும் எரிச்சல் அவனுக்கு வேண்டாம்.

“சித்தப்பா, அந்த ஒரு லட்சத்துக்கு வட்டி எவ்வளவு?” என்று கேட்டிருக்கிறான்.