கமிஷன் இல்லை என்றால் செலவு இல்லையா? சிங்கப்பூரிலிருந்து ஊருக்குப் பணம் அனுப்ப மூன்று வழிகள்

சிங்கப்பூர் தேக்கா பக்கம் பணம் அனுப்பும் கடைகளில் இரண்டு எண்களைப் பார்க்கலாம். ஒரு சிங்கப்பூர் டாலருக்கு எத்தனை ரூபாய் என்பது ஒன்று, ஒரு தடவை அனுப்பக் கட்டணம் எவ்வளவு என்பது இன்னொன்று. ஆப்களில் சில, கட்டணம் பூஜ்யம் என்று பெரிதாகப் போட்டுவிட்டு, ரேட்டைச் சின்ன எழுத்தில் காட்டும். வங்கியிலோ கட்டணம் தெரியும், டாலராகவே அனுப்பினால் ரேட் என்ன என்பது பணம் ஊரில் வரவான பிறகுதான் தெரியும். மூன்றையும் ஒப்பிட வேண்டுமானால் இந்த இரண்டு எண்களையும் சேர்த்து ஒரே சதவீதமாக்க வேண்டும்.

அதற்கு ஓர் அளவுகோல் தேவை. வங்கிகள் தங்களுக்குள் நாணயம் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் உள்ளதை நடுச்சந்தை ரேட் என்கிறார்கள். கூகுளில் தேடினால் வருவது ஏறக்குறைய இதுதான். இந்த ரேட்டில் நமக்குப் பெரும்பாலும் யாரும் மாற்றித் தரப்போவதில்லை. ஆனால் யார் எவ்வளவு எடுத்துக்கொள்கிறார்கள் என்று பார்க்க இதைவிட நியாயமான இடம் கிடையாது. உலக வங்கி நாடுவாரியாகப் பணம் அனுப்பும் செலவைக் கணக்கிடும்போதும் கட்டணத்தோடு ரேட்டில் போகும் வித்தியாசத்தையும் கூட்டித்தான் சொல்கிறது.

கணக்கு இதுதான்:

```
செலவு % = (1 − வந்து சேர்ந்த ரூபாய் ÷ (கையைவிட்டுப் போன டாலர் × நடுச்சந்தை ரேட்)) × 100
```

'கையைவிட்டுப் போன டாலர்' என்பதைக் கவனிக்க வேண்டும். கடையில் ஆயிரம் அனுப்பச் சொல்லி, கட்டணத்துக்குத் தனியாக ஐந்து வாங்கினால், போனது 1005. கட்டணத்தைக் கூட்டாமல் ரேட்டை மட்டும் ஒப்பிட்டால் பெரும்பாலும் கடைதான் ஜெயிக்கும். ரேட்டை விட்டுவிட்டுக் கட்டணத்தை மட்டும் பார்த்தால் ஆப் ஜெயிக்கும்.

சரி, எண்களைப் போட்டுப் பார்ப்போம். நடுச்சந்தை ரேட் 65 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன். கீழே வரும் ரேட்டும் கட்டணமும் கணக்குக்காக நான் எடுத்துக்கொண்டவை. எந்த நிறுவனத்தின் விலைப்பட்டியலும் இல்லை. கையில் இருப்பது கட்டணம் உட்பட மொத்தம் 1000 டாலர். வெட்டில்லாமல் போயிருந்தால் 65,000 ரூபாய் சேர வேண்டும்.

கடை: கட்டணம் 5 டாலர், ரேட் 64.80. ஆப்: கட்டணம் இல்லை, ரேட் 64.15. வங்கி: எல்லாக் கட்டணமும் சேர்த்து 30 டாலர், பணம் ஸ்விஃப்ட் என்ற வங்கிகளுக்கிடையிலான வலையமைப்பு வழியாக டாலராகவே இந்தியா போய், அங்கே உள்ள வங்கி 64.40 ரேட்டில் ரூபாயாக மாற்றுகிறது.

| வழி | சேர்ந்த ரூபாய் | போனது | செலவு |
|---|---|---|---|
| கடை | 64,476 | 524 | 0.81% |
| ஆப் | 64,150 | 850 | 1.31% |
| வங்கி | 62,356 | 2,644 | 4.07% |

கடையில் 995 டாலர்தான் மாற்றப்படுகிறது, 64.80ஆல் பெருக்கினால் 64,476. இங்கே வெளியே தெரியும் கட்டணம் 0.5 சதவீதம்; ரேட்டில் போனது டாலருக்கு 20 காசு, அதாவது 0.31 சதவீதம். இரண்டையும் கூட்டினால் கிட்டத்தட்ட விடை வந்துவிடுகிறது. கடைக்கு முன்னால் நின்று மனக்கணக்காகப் போட இந்தக் கூட்டலே போதும். ஆப்பில் கட்டணம் ஒரு காசு இல்லை, ஆனால் டாலருக்கு 85 காசு ரேட்டிலேயே போய்விடுகிறது. ஆயிரத்துக்கு 850 ரூபாய், அதாவது 13 டாலர் கமிஷன் கொடுத்ததற்குச் சமம். அதைக் கமிஷன் என்று ரசீதில் எழுதவில்லை, அவ்வளவுதான்.

வங்கிக் கணக்கில் ஒரு வரி கூடுதலாக ஒளிந்திருக்கிறது. 970 டாலரை 64.40ஆல் பெருக்கினால் 62,468 வர வேண்டும்; சேர்ந்ததோ 62,356. குறைந்த 112 ரூபாய் ஜிஎஸ்டி. வெளிநாட்டு நாணயத்தை இந்திய வங்கி ரூபாயாக மாற்றினால் அது ஒரு சேவை. ஒரு லட்சம் ரூபாய் வரை, மாற்றிய தொகையில் 1 சதவீதத்தை (குறைந்தது 250 ரூபாயை) அந்தச் சேவையின் மதிப்பாகக் கொண்டு, அதன்மேல் 18 சதவீதம் வரி போடுகிறார்கள். அதாவது மொத்தத்தில் 0.18 சதவீதம். தொகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் விகிதம் குறையும். கடையும் ஆப்பும் பொதுவாகச் சிங்கப்பூரிலேயே ரேட்டை முடிவுசெய்து ரூபாயாக அனுப்புவதால் இந்த வெட்டு நம் கணக்கில் தனியாகத் தெரிவதில்லை.

வங்கி வழியில் இதைவிடத் தொந்தரவானது இடைநிலை வங்கி. அனுப்பும் வங்கிக்கும் ஊர் வங்கிக்கும் நேரடித் தொடர்பு இல்லாவிட்டால், நடுவில் இன்னொரு வங்கி வழியாகப் பணம் போகும். அது தன் பங்கைத் தொகையிலேயே கழித்துக்கொள்ளலாம். ஸ்விஃப்ட் படிவத்தில் கட்டணம் யார் பொறுப்பு என்று மூன்று தெரிவுகள் உண்டு. OUR என்றால் எல்லாம் அனுப்புபவர் பொறுப்பு, SHA என்றால் இருவரும் பகிர்வது, BEN என்றால் எல்லாம் பெறுபவர் தலையில். SHA போட்டு நடுவில் 10 டாலர் வெட்டுப்பட்டால், மேலே சொன்ன 4.07 சதவீதம் ஐந்தைத் தாண்டிவிடும். கண்டுபிடிப்பது எளிது: ஊர் வங்கி தரும் வரவு விவரத்தில் வந்து சேர்ந்த டாலர் எவ்வளவு என்று இருக்கும். அனுப்பிய 970 அங்கே 960 ஆகியிருந்தால் வெட்டு வழியில் நடந்திருக்கிறது. 970 அப்படியே இருந்து ரூபாய் மட்டும் குறைந்திருந்தால் வெட்டு ஊர் வங்கியின் ரேட்டிலோ வரியிலோ. இது தெரியாமல் சிங்கப்பூர் வங்கியோடு சண்டை போட்டுப் பயனில்லை.

இதுவரை பார்த்தது ஆயிரம் டாலருக்கு. தொகையை மாற்றினால் வரிசையே மாறும். கையில் 200 டாலர்தான் என்றால், கடையில் 195 டாலர் மாறி 12,636 ரூபாய் சேரும், செலவு 2.8 சதவீதம். ஆப்பில் 12,830 ரூபாய், செலவு அதே 1.31. ஐயாயிரம் டாலர் என்றால் கடைச் செலவு 0.41 சதவீதமாக இறங்குகிறது, ஆப் அப்போதும் 1.31, வங்கிகூட 1.63க்கு வந்துவிடுகிறது. நிலைக்கட்டணம் தொகை பெருகப் பெருகக் கரையும். ரேட்டில் எடுப்பது கரையாது. வங்கி 4.07இலிருந்து இறங்கியதே முப்பது டாலர் பெரிய தொகையில் பரவியதால்தான்.

கடையும் ஆப்பும் சமமாகும் இடத்தையும் ஒரு வரியில் போட்டுவிடலாம். கடைக் கட்டணம் ரூபாயில் 325க்குப் பக்கம். ஆப்பைவிடக் கடை ரேட் டாலருக்கு 65 காசு கூடுதல். 325ஐ 0.65ஆல் வகுத்தால் 500. ஐந்நூறு டாலருக்குக் கீழே ஆப், மேலே கடை. இந்த 500 எல்லாக் காலத்துக்கும் இல்லை. இந்த இரண்டு ரேட்டுகளுக்கும் இந்த ஒரு கட்டணத்துக்கும் மட்டும். ரேட் வித்தியாசம் 65 காசிலிருந்து 30 காசாகக் குறைந்தால் எல்லை ஆயிரத்துக்கு மேலே போய்விடும்.

இங்கேதான் பலரும் சொல்லும் ஒரு யோசனை வருகிறது: மாதாமாதம் அனுப்பாதே, சேர்த்து வைத்து மொத்தமாக அனுப்பு, கட்டணம் மிச்சம். பாதிதான் சரி. மாதம் 250 டாலர் அனுப்புபவரை எடுத்துக்கொள்வோம். மூன்று மாதம் சேர்த்து 750 டாலராகக் கடையில் அனுப்பினால் செலவு 474 ரூபாய். அதையே மாதாமாதம் ஆப்பில் அனுப்பியிருந்தால் மூன்று தடவைக்கும் சேர்த்து 638 ரூபாய். மிச்சம் 164 ரூபாய். ஆனால் முதல் மாதப் பணம் இரண்டு மாதமும் இரண்டாம் மாதப் பணம் ஒரு மாதமும் காத்திருக்கின்றன. வீட்டில் நகை அடகில் இருந்து, நூற்றுக்கு ஒரு வட்டி ஓடிக்கொண்டிருந்தால், 250 டாலருக்கு ஈடான 16,250 ரூபாய்க்கு மாதம் 162 ரூபாய் வட்டி. மூன்று மாதக் காத்திருப்புக்குச் சுமார் 487. ரெண்டு வட்டி என்றால் 975. கடன் எதுவும் இல்லாத வீட்டுக்குச் சேர்த்து அனுப்புவது சரி. அடகு வைத்த வீட்டுக்கு, 164 ரூபாயை மிச்சம் பிடிக்கப் போய் அதைப் போல மூன்று மடங்கு வட்டி கட்டுவதாகிவிடும்.

அப்புறம், ஒப்பிடும்போது ஏமாறும் இடங்கள் சில. முதல் தடவை அனுப்புபவருக்கு ஆப்கள் தனி ரேட் கொடுப்பது வழக்கம். நடுச்சந்தை ரேட்டைத் தொட்டுக்கொண்டு, சில நேரம் அதற்கு மேலேயும் இருக்கும், ஒரு குறிப்பிட்ட தொகைவரைதான் செல்லும். அதை வைத்து எது மலிவு என்று முடிவுசெய்யக் கூடாது. இரண்டாம் தடவை அனுப்பும்போது திரையில் வரும் ரேட்டே அந்த நிறுவனத்தின் உண்மையான விலை. இன்னொன்று நேரம். காலையில் கடையில் பார்த்த ரேட்டையும் மாலையில் ஆப்பில் பார்த்ததையும் ஒப்பிட்டால், நடுவில் சந்தை நகர்ந்தது யார் கணக்கில் சேர்ந்தது என்று சொல்ல முடியாது. மூன்றையும் அடுத்தடுத்து, நடுச்சந்தை ரேட்டையும் அதே நேரத்தில் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். சனி, ஞாயிறில் இந்தக் கணக்கு அவ்வளவாக ஒத்துவராது. நாணயச் சந்தை மூடியிருக்கும், கூகுள் காட்டுவது வெள்ளிக்கிழமை நின்ற ரேட்டாக இருக்கும். திங்கட்கிழமை என்ன ஆகுமோ என்று அனுப்பும் நிறுவனங்களும் ரேட்டில் கொஞ்சம் கூடுதலாகப் பிடித்துக்கொள்வதுண்டு.

2023 பிப்ரவரி 21 முதல் சிங்கப்பூரின் பேநவ்வும் இந்தியாவின் யுபிஐயும் இணைக்கப்பட்டு, கைபேசி எண்ணையோ யுபிஐ முகவரியையோ வைத்தே உடனடியாக அனுப்ப வசதி வந்திருக்கிறது. வேகம் புதிதாக இருந்தாலும், டாலர் ரூபாயாவதற்கு ஒரு ரேட் அங்கேயும் உண்டு. அனுப்பும் பொத்தானை அழுத்துவதற்கு முன் திரையில் வரும் ரூபாய்த் தொகையை எடுத்து, மேலே உள்ள கணக்கில் போட்டுப் பார்க்கலாம். ஊரிலிருந்து 'பணம் வந்துவிட்டது' என்று போன் வந்தால், எவ்வளவு வந்தது என்று காசு வரைக்கும் கேட்டுக்கொண்டால், திரையில் காட்டியதும் சேர்ந்ததும் ஒன்றுதானா என்பதும் தெரிந்துவிடும்.