கிரேடியன் தியோடலைற்: சில வருடப் பாவனைக்குப் பிறகு

கூட்டாளி ஒருவன் நேற்றுக் கேட்டான்: "மச்சான், ஐரோப்பாவில இருந்து வந்த பழைய டிஜிட்டல் தியோடலைற் ஒண்டு மலிவா வருது, 400 பாக வட்டமாம். எடுக்கலாமோ?" என்னுடையதும் அதே வகைக் கோணம் அளக்கும் நில அளவைக் கருவிதான், போன கிழமைதான் ரிப்பெயரில் இருந்து வந்தது. அந்தச் சூடு ஆறுமுன் எழுதுகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லவேண்டும். ஒரு முழுச்சுற்று 400 கிரேடியன், செங்கோணம் சரியாக 100. திரையில் அதன் மறுபெயரான GON என்று வரும். ஒரு புள்ளியை முதல் முகத்தில் பார்த்தால் 137.4250. தொலைநோக்கியைக் கவிழ்த்து மறுமுகத்தில் பார்த்தால் 337.4262. வித்தியாசம் 200 வரவேண்டும், முதல் இலக்கம் மட்டும்தான் மாறும். கடைசி இலக்கங்களில் மிஞ்சும் 12 கருவியின் பிழை என்பது கண்ணுக்கே தெரிந்துவிடும், சராசரி 137.4256. பாகையில் இதே சோதனைக்கு 180 கூட்டி, 60 கடன் வாங்கி, நிமிடத்தையும் செக்கனையும் தனித்தனியே கழிக்கவேண்டும். நிலாவெளி வெயிலில் மணல் சுடும்போது அந்தக் கடன் வாங்கல் எவ்வளவு கொடுமை என்பது நின்று அளந்தவனுக்குத்தான் தெரியும்.

பாகைக்கு மாற்றுவதும் லேசு: பத்தில் ஒரு பங்கைக் கழித்தால் போதும். 137.4250இல் 13.7425 போனால் 123.6825 பாகை. தசமப் பகுதியை 60ஆல் பெருக்கினால் 40.95. அதாவது 40 நிமிடம், மிஞ்சிய 0.95ஐத் திரும்ப 60ஆல் பெருக்க 57 செக்கன். மறுபக்கம் போக, தசமப் பாகையோடு அதன் ஒன்பதில் ஒரு பங்கைக் கூட்டவேண்டும்.

இனிக் கோபம். திருத்தக் கொடுத்த இடத்தில் அலகைப் பாகைக்கு மாற்றி, ஒரு சொல்லும் சொல்லாமல் திருப்பித் தந்தார்கள். என் கருவி பாகையை 123.4057 என்றுதான் காட்டும். அது 123 பாகை 40 நிமிடம் 57 செக்கன். புள்ளிக்குப் பின்னால் நாலு இலக்கம், கிரேடியனுக்கும் அதே நாலு இலக்கம். உப்புவெளியில் ஒரு வளவு அளக்கத் தொடங்கியதும் முதல் முகம் 123.4057, மறுமுகம் 303.4057 என்று வந்தது. வித்தியாசம் 200 இல்லை, 180. அந்த இடத்திலேயே நிறுத்தினேன்.

நிறுத்தாவிட்டால்? அந்த 123.4057ஐக் கிரேடியன் என்று எடுத்தால் திசை பன்னிரண்டரைப் பாகைக்கு மேல் பிசகும். 30 மீற்றர் எல்லைக்கோட்டின் முனை ஆறரை மீற்றர் தள்ளி விழும். அவ்வளவு பெரிய பிழை கடதாசியில் தானாகவே காட்டிக்கொடுக்கும். பயங்கரம் மற்றது: அதே எண்ணைத் தசமப் பாகை என்று கணினியில் அடித்தால் பிசகு கால் பாகை சொச்சம். அதே 30 மீற்றரில் ஏறக்குறைய 14 சென்ரிமீற்றர். யாருக்கும் சந்தேகம் வராது, பக்கத்து வளவுக்காரனின் மதில் மட்டும் அரை அடி நகரும்.

கண்டுபிடிக்க வழி உண்டு. நிமிடம், செக்கன் முறையில் புள்ளிக்குப் பின்வரும் ஒவ்வொரு சோடி இலக்கமும் 59ஐத் தாண்டாது. புத்தகத்தில் எங்காவது .73 என்றோ .88 என்றோ இருந்தால் அது அந்த முறை இல்லை. 360க்கு மேல் வாசிப்பு வந்தால் கிரேடியன்தான். நாற்பக்க வளவின் உட்கோணங்களைக் கூட்டினால் கிரேடியனில் 400, பாகையில் 360. இவ்வளவும் பார்த்தாலும், பக்கத்தின் தலைப்பில் அலகை எழுதாத தம்பியை நான் கோலே பிடிக்க விடமாட்டேன்.

கேட்ட கூட்டாளியிடம் மில் என்ற சின்னக் கோண அலகில் வட்டம் பிரித்த திசைகாட்டியும் ஒன்று இருக்கிறது. நேட்டோ வட்டம் 6400 மில், பழைய சோவியத் வட்டம் 6000. முகப்பில் நூறு நூறாக எண்ணும் வட்டம் 64இல் முடிகிறதா 60இல் முடிகிறதா என்று பார்க்காமல் கணக்குப் போடக்கூடாது. தூரம் மட்டிட மில் மிக நல்லது: 2 மீற்றர்க் கோல் 10 மில் உயரம் தெரிந்தால் ஏறத்தாழ 200 மீற்றர். 6400 வட்டத்தில் உண்மை 204க்குக் கிட்ட, ஏனென்றால் அந்த மில் ரேடியனின் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடக் கொஞ்சம் சின்னது. எல்லைக் கல்லுக்கு அது உதவாது.

பல அலகு கலந்தால் எல்லாவற்றையும் முழுச்சுற்றாக்கிவிடுவேன். 137.4250ஐ 400ஆல் வகுத்தால் 0.3435625 சுற்று. 360ஆல் பெருக்கினால் பாகை, 6400ஆல் பெருக்கினால் 2198.8 மில். கோணங்களைக் கூட்டி ஒன்றுக்கு மேல் போனால் முழு எண்ணை விட்டுவிட்டால் சரி.

அப்ப எடுக்கலாமோ? எடுக்காதே. இங்கே வரைபடம் பாகையில்தான் போகவேண்டும், உன் ஆட்கள் பாகையில்தான் எழுதுவார்கள். என்னுடையதை விற்கச்சொல்லியும் கேட்காதே, தரமாட்டேன். பிடிவாதமாக எடுக்கிறாய் என்றால், காசு கொடுக்கமுன் தொலைநோக்கியை மட்டமாக வைத்து நிலைக்குத்து வாசிப்பைப் பார்: உச்சியைப் பூச்சியமாக வைத்த கருவியில் 100 காட்டவேண்டும். பிறகு பற்றரியைக் கழற்றி, திரும்பப் போட்டு, இன்னொருமுறை பார். 90 காட்டினால் அலகை நினைவில் வைக்காத கருவி. அதை அங்கேயே விட்டுவிட்டு வா.