மறைத்துப் படிக்க இடம் தரும் நோட்டு

கேரள பி.எஸ்.சி. தேர்வுகளுக்குச் சில ஆண்டுகளாகப் படித்துவருகிறேன். வகுப்பு மலையாளத்தில் நடக்கும்; பாலக்காடு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தவர்களான நாங்கள் தமிழில் எழுதிக்கொள்வோம். கார்னெல் முறை, மனவரைபடம், இணைப்புக் குறிப்பு மூன்றையும் பயன்படுத்தியவன் என்பதால், மாதங்கள் கழித்து எது நினைவுக்கு வருகிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

எங்கள் வயலுக்குத் தண்ணீர் தரும், கேரளமும் தமிழ்நாடும் செய்துகொண்ட பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தத்தையே எடுத்துக்கொள்வோம். கையெழுத்தானது 1970-இல், செல்லுபடியாவது 1958 நவம்பர் 9 முதல். மணக்கடவில் கேரளத்துக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. வர வேண்டும், அது சித்தூர்ப்புழையில் ஓடிவரும்.

கார்னெல் பல்கலைக்கழகத்தின் வால்டர் பாக் வகுத்த முறையில், தாளின் இடப்பக்கம் இரண்டரை அங்குலம் விட்டுக் கோடு போட வேண்டும். அடியில் சுருக்கத்துக்கு இரண்டு அங்குலம். வகுப்பில் வலப்பக்கம் மட்டும் நிரம்பும். அன்று இரவே இடப்பக்கத்தில் கேள்விகளை எழுதிவிட வேண்டும். முறையின் உயிரே அந்த இடப்பக்கம்தான். அங்கே ‘மணக்கடவு’ என்று வெறும் தலைப்பு எழுதினால், பார்த்தவுடன் எல்லாம் தெரிந்ததுபோல் ஒரு மயக்கம் வரும். ‘தண்ணீரை எங்கே அளக்கிறார்கள், எவ்வளவு?’ என்று எழுதினால் தப்பிக்க வழியில்லை. வலப்பக்கத்தை அட்டையால் மறைத்து வாய்விட்டுப் பதில் சொல்வேன். தடுமாறிய கேள்விக்குப் பென்சில் புள்ளி. அடுத்த வாரம் புள்ளி வைத்தவை மட்டும்.

டோனி புசான் பரப்பிய மனவரைபடம் பார்க்க அழகு. ஆனால் நடுவில் திட்டத்தின் பெயரை எழுதி நீராறு, சோலையாறு, பரம்பிக்குளம், தூணக்கடவு என்று கிளை பிரித்தால், எல்லாம் ஒரே வரிசையில் நின்றுவிடும். தண்ணீரோ ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போகிறது; தேர்வில் கேட்பது அந்த வரிசையை. இதற்கு அம்புக்குறிப் படமே மேல். வண்ணப் பேனா வாங்கியதுதான் மிச்சம்! 2011-இல் கார்ப்பிக்கேயும் பிளண்ட்டும் வெளியிட்ட ஆய்வில், பாடத்தைத் திறந்துவைத்து, மனவரைபடம் போன்ற கருத்துப்படம் வரைந்தவர்களைவிட, மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே பின்னால் அதிகம் நினைவுகூர்ந்தார்கள். எனவே வரைவதானால் வெற்றுத்தாளில், புத்தகத்தை மூடிவிட்டு வரைய வேண்டும்.

ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் இணைப்புக் குறிப்புகளைக் கைப்பேசியில் `[[முல்லைப்பெரியாறு]]` என்பதுபோல் இரட்டை அடைப்புக்குறியிட்டு எழுதுகிறேன். வெறும் இணைப்பு எதையும் கற்றுத்தராது. காரணத்தை ஒரு வாக்கியமாவது எழுத வேண்டும். பரம்பிக்குளம் குறிப்பில் நான் எழுதியது: ‘இரண்டிலும் கேரளத்திலுள்ள அணைகளை இயக்குவது தமிழ்நாடு, ஆனால் அங்கே 1886-இன் 999 ஆண்டுக் குத்தகை, இங்கே 30 ஆண்டுக்கு ஒருமுறை மறுஆய்வு.’ விரிவான விடை எழுத இது கைகொடுத்தது. ஒருவரிக் கேள்விகளுக்கு உதவவில்லை. தேடினால் உடனே விடை வந்துவிடுவதால் மூளைக்கு வேலையே இல்லை. இம்முறைக்குப் பேர்போன ஜெர்மன் சமூகவியலாளர் நிக்லாஸ் லூமன் ஏறத்தாழ 90,000 சீட்டுகள் சேர்த்தது புத்தகம் எழுதுவதற்கு, தேர்வு எழுதுவதற்கு அல்ல.

கணக்குப் பகுதிக்கு மூன்றுமே வேண்டாம். வட்டி, விகிதம் போன்றவற்றுக்கு விடையை மறைத்துக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதே குறிப்பு.